ஓட்ட ஷூ: அடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டம் முடிந்து சுவரோரம் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு ஓடும் தம்பி ஒருவர் காலை நீட்டி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் உள்ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். மூன்று வாரமாக இந்த வலியாம். ஓடத் தொடங்கி மூன்றாவது கிலோமீட்டரில் எட்டிப் பார்க்கிறது, ஓட்டம் நின்றதும் குறைகிறது. தூரத்தையும் வேகத்தையும் அவர் கூட்டவில்லை, ஓடும் பாதையும் மாறவில்லை. “ஷூ எப்ப வாங்கினது தம்பி?” என்று கேட்டேன். அவர் உடனே ஒரு ஷூவைக் கழற்றி அடியைத் திருப்பிக் காட்டினார். “நல்லாப் பாருங்கண்ணா, ரப்பர் தேயவே இல்ல. ஷூவுல ஒண்ணும் கோளாறு கிடையாது.”

ரப்பர் தேயவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓட்ட ஷூவின் ஆயுள் ரப்பரில் இல்லை.

ஷூ விஷயத்தில் நாம் இரண்டு முறை அடியைப் பார்த்து ஏமாறுகிறோம். வாங்கும்போது நம் பாதத்தின் அடியைப் பார்த்து, தட்டையா வளைவா என்று வகை பிரித்து, அதற்கேற்ற ஷூவைத் தேடுகிறோம். தூக்கிப் போடும் நேரம் வந்ததா என்று பார்க்க ஷூவின் அடியைப் பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் உண்மையான சேதி வேறெங்கோ இருக்கிறது.

முதலில் பாதத்துக்கு வருவோம். ஈரக்காலைத் தாளில் பதித்துப் பார்க்கும் சோதனையை ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். காலை நனைத்து ஒரு பழைய செய்தித்தாளின் மேல் நின்றால் சுவடு விழும். பாதம் முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். குதிகாலும் முன்பாதமும் மெல்லிய கோட்டால் இணைந்தால், அல்லது நடுவில் ஒன்றுமே பதியாவிட்டால், உயர்ந்த வளைவு. இரண்டுக்கும் இடைப்பட்டது சாதாரணப் பாதம். கடைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இதுதான்: தட்டைப் பாதம் ஓடும்போது உள்பக்கமாக அதிகம் சாயும், எனவே அதைத் தாங்கும் கெட்டியான ஷூ வேண்டும், உயர்ந்த வளைவு அதிர்ச்சியைத் தாங்காது, எனவே மெத்தென்ற ஷூ வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாதச் சுவட்டைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றக் கூட்டத்துக்குப் பாதம் எப்படியிருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சிக் காலம் முடிந்து கணக்கெடுத்தால், காயம்பட்டவர்களின் விகிதத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2014-இல் டென்மார்க்கில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு எந்தத் தாங்கலும் இல்லாத ஒரே மாதிரிச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உள்பக்கம் சாயும் பாதம் கொண்டவர்கள் அதனால் அதிகமாகக் காயப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் லக்ஸம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் கவனித்தபோது, சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. அந்தப் பலன் முக்கியமாக உள்பக்கம் சாயும் பாதக்காரர்களிடம்தான் தெரிந்தது. ஆகவே நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: நிற்கும்போதே கணுக்கால் வெளிப்படையாக உள்ளே சரிந்திருப்பவர், தாங்கல் உள்ள ஷூவையும் ஒரு ஜோடி போட்டு ஓடிப் பார்க்கட்டும். காலுக்கு இதமாக இருந்தால் வாங்கட்டும். தட்டைப் பாதம் என்ற ஒரே காரணத்துக்காக, உறுத்துகிற ஷூவை மருந்து மாதிரிச் சகித்துக்கொண்டு யாரும் போட வேண்டாம். எனக்கு ஒரு கடையில் அப்படி ஒன்றை விற்றார்கள். “பழகப் பழகச் சரியாயிடும் சார்” என்றார்கள். உள்ளங்கால் வளைவின் கீழே கட்டை வைத்தாற்போல் இருந்தது. இரண்டு மாதம் பொறுத்தேன். கடைசி வரை சரியாகவில்லை.

ஓட்ட ஷூ பழகிச் சரியாகிற பொருள் இல்லை. தோல் செருப்பு காலுக்கேற்ப நெகிழும். ஃபோமும் வலைத்துணியும் சேர்ந்த ஷூ முதல் நாள் எங்கே கடிக்கிறதோ அங்கேதான் கடைசி வரைக்கும் கடிக்கும்.

அப்படியானால் பாதத்தில் எதைத்தான் பார்ப்பது? வளைவைவிட அகலத்தைப் பார்க்கச் சொல்வேன். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் முன்பாதம் விரிந்து இருக்கும். பெங்களூரு வட்டாரத்தில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைக் காட்டுகிறது. ஆனால் கடையில் அடுக்கியிருக்கும் ஷூக்களில் பல, முன்பக்கம் குறுகி அம்பு முனைபோல் முடிகின்றன. அகலமான பாதக்காரர் என்ன செய்கிறார்? சுண்டுவிரல் நசுங்குகிறதே என்று ஒரு சைஸ் நீளமாக வாங்குகிறார். அப்போது அகலம் கொஞ்சம் கிடைக்கும், குதிகாலோ பின்னால் வழுக்கும். வழுக்குகிற குதிகாலைப் பிடித்து நிறுத்த விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கிக் கொக்கிபோடும். பத்து கிலோமீட்டருக்குப் பிறகு நகம் கறுத்துப்போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஷூவுக்குள் கிடக்கும் மெல்லிய உள்தகட்டை, அதாவது இன்சோலை, வெளியே உருவித் தரையில் போடுங்கள். குதிகாலை அதன் பின்ஓரத்தோடு பொருத்தி, முழு எடையையும் ஊன்றி அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கத்திலோ கட்டைவிரல் மூட்டுப் பக்கத்திலோ பாதம் தகட்டைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். சைஸை ஏற்றாமல், அதே சைஸில் அகல வார்ப்பு கேளுங்கள். ஆண்களுக்கான பெட்டிகளில் 2E அல்லது 4E என்று அச்சிட்டிருக்கும். சில கடைகளில் வரவழைத்துத்தான் தருவார்கள், பரவாயில்லை, காத்திருக்கலாம். நீளத்துக்கு, நின்ற நிலையில் உங்கள் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், காலியாக இருக்க வேண்டும். சிலருக்கு நீண்ட விரல் இரண்டாவது விரல். இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருப்பதும் அபூர்வம், ஆகவே பெரிய காலுக்கு அளவெடுங்கள். மாலையில் போங்கள், ஏனென்றால் நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸை எடுத்துப் போங்கள்.

அதன் பிறகு கடைக்கு வெளியே ஐம்பது அடியாவது ஓடிப் பாருங்கள். கண்ணாடி முன் நிற்பது போதாது. எங்கேயும் உரசாமல், எங்கேயும் அழுத்தாமல், ஷூ காலில் இருப்பதே மறந்துபோகிற ஜோடிதான் உங்களுடையது. கனடாவில் பல்லாண்டுகள் ஓட்ட ஷூக்களை ஆராய்ந்த பென்னோ நிக், 2015-இல் இதைத்தான் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்: ஓடுகிறவர் தமக்கு இதமான ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது, தம் உடல் இயல்பாக அசையும் வழியைக் கெடுக்காத ஷூவையே தேர்ந்தெடுக்கிறார் என்று.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஷூவில் குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள். 10 மில்லிமீட்டர் டிராப்பில் பல ஆண்டு ஓடியவர் திடீரென்று 4 மில்லிமீட்டருக்கோ பூஜ்யத்துக்கோ மாறினால், சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் இடம்பெயரும். கடையில் ஐம்பது அடி ஓடும்போது இது தெரியாது, இரண்டாவது வாரம்தான் தெரியும். புது ஷூவை முதலில் வாரத்துக்கு ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் போட்டு, மெல்லக் கூட்டுங்கள்.

இனி தரை. நம்மூரில் பெரும்பாலானவர்கள் ஓடுவது தார்ச்சாலையிலும், நடைபாதையிலும், பூங்காவின் சிமென்ட் தடத்திலும்தான். இவை எல்லாவற்றுக்கும் சாதாரண ரோடு ஷூ போதும். காய்ந்த ஏரிக்கரையிலும் செம்மண் பாதையிலும்கூட அதுவே போதும். மண் பாதை என்றதுமே டிரெயில் ஷூ வாங்க வேண்டியதில்லை. டிரெயில் ஷூவின் அடியில் இருக்கும் பற்கள் 4, 5 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அவை இளகிய மண்ணில் இறங்கிப் பிடிக்கத்தான். தார்ச்சாலையில் இறங்க இடமில்லாததால் அந்தப் பற்களின் நுனியிலேயே முழு எடையும் நிற்கும், ஓட்டம் கட்டையாகத் தெரியும், பற்களும் விரைவில் மழுங்கும்.

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ மழைக்குப் பிந்தைய காட்டுப் பாதையில் ஓடுவதென்றால் கதை வேறு. அங்கே பற்கள் வேண்டும், அவை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும். நெருங்கியிருந்தால் சேறு இடுக்கில் அடைத்துக்கொண்டு அடியே வழவழப்பாகிவிடும். கல் நிறைந்த பாதையானால் விரல் முனையில் கெட்டியான தடுப்பும், கூர்க்கல் குத்தாமல் ஃபோமுக்கு நடுவே ஒரு மெல்லிய தகடும் உள்ள ஷூவைப் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி விரல் இடிக்கும். அதற்கு லேஸின் கடைசித் துளை உதவும். கணுக்காலை ஒட்டிப் பயன்படுத்தாமலே விடுகிறோமே, அந்தக் கூடுதல் துளைதான். லேஸை அதே பக்கத்துத் துளையில் செருகிச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். சாலையில் குதிகால் வழுக்குகிறவர்களுக்கும் இதே கட்டு பலன் தரும்.

இப்போது கடைகளில் அடி மிக உயர்ந்த, பஞ்சுபோன்ற ஷூக்கள் நிறைய வருகின்றன. சமமான சாலையில் அவை சுகம்தான். பள்ளமும் கல்லும் உள்ள தடத்தில் கணுக்கால் மடங்கும் ஆபத்து கூடும், அதனால் அங்கே நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். எடை குறைப்பதற்காகச் சில ஷூக்களில் அடி முழுக்க ரப்பர் ஒட்டாமல், நடுவில் ஃபோமையே வெறுமனே விட்டிருப்பார்கள். மழை நாளில் நடைபாதை டைல்ஸிலும் சாலையின் வெள்ளைக் கோட்டிலும் அவை வழுக்கும். மழைக்காகத் தண்ணீர் புகாத ஷூ வாங்குவதும் நம் ஊருக்குப் பொருந்தாது. கணுக்கால் அளவு தண்ணீரில் அது மேல்வழியாக நிரம்பும், நிரம்பியது வெளியேறாது. வலைத்துணி ஷூ நனைந்தாலும் ஓட ஓட வடிந்துவிடும்.

சரி, தம்பியின் ஷூவுக்குத் திரும்புவோம்.

ஓட்ட ஷூவில் மேலே துணி, கீழே ரப்பர், நடுவில் ஃபோம். அதிர்ச்சியை வாங்குவது நடுவில் இருக்கும் ஃபோம்தான். அது லட்சக்கணக்கான மிகச் சிறிய காற்றறைகளால் ஆனது. ஒவ்வோர் அடியிலும் அறைகள் நசுங்கி எழுகின்றன. நாளாக ஆக அறைச் சுவர்கள் மடிந்து, எழாமலே தங்கிவிடுகின்றன. இது வெளியில் தெரியாது. இன்றைய ஷூக்களின் ரப்பர் உறுதியானது, ஆகவே ஃபோம் ஓய்ந்த பிறகும் அடி புதிதுபோலவே காட்சியளிக்கும். 1985-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இயந்திரத்தில் வைத்து அடித்துச் சோதித்த ஷூக்கள், 80 கிலோமீட்டருக்குச் சமமான அடிகளிலேயே அதிர்ச்சி தாங்கும் திறனில் கால்வாசியை இழந்திருந்தன. 400-லிருந்து 800 கிலோமீட்டருக்குள் 60 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தன. அதே ஆய்வில் மனிதர்கள் காலில் போட்டு ஓடிய ஷூக்கள் இதைவிட நன்றாகத் தாங்கின, 800 கிலோமீட்டரில் சுமார் 70 சதவீதம் மிஞ்சியிருந்தது. இன்றைய ஃபோம்கள் அப்போதையவற்றைவிட மேல். ஆனாலும் ஓடுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் 500 முதல் 800 கிலோமீட்டர் என்ற கணக்கு நடைமுறைக்குப் பொருந்தியே வருகிறது. எடை கூடியவருக்குச் சீக்கிரம் வரும், எடை குறைந்தவருக்குத் தள்ளிப்போகும்.

தம்பி வாரத்துக்கு மூன்று நாள் 5 கிலோமீட்டர், ஞாயிறு 9 கிலோமீட்டர் ஓடுகிறார். வாரத்துக்கு 24. ஷூ வாங்கி 30 வாரம். 720 கிலோமீட்டர். அவர் எடை 80 கிலோ. அவருடைய வேகத்தில் கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு ஏறக்குறைய 600 அடி விழும். ஆக ஒவ்வொரு ஷூவும் நாலேகால் லட்சத்துக்கு மேற்பட்ட தடவை, ஒவ்வொரு தடவையும் அவர் எடையின் இரண்டு மடங்குக்கும் கூடுதலான அழுத்தத்தை வாங்கியிருக்கிறது. “இதப் போட்டுக்கிட்டுதான் ஆபீசும் போறீங்களா?” என்று கேட்டேன். ஆமாம், தினமும் ரயில் நிலையத்துக்குப் போக வர இரண்டு கிலோமீட்டர் நடை. 30 வாரத்தில் அது இன்னும் 360 கிலோமீட்டர். நடையின் அழுத்தம் ஓட்டத்தைவிடக் குறைவுதான், ஆனால் நாள் முழுக்கக் காலில் இருந்த ஃபோமுக்கு ஓய்வு இல்லை.

ஷூக்கள் இரண்டையும் அருகிலிருந்த சிமென்ட் பெஞ்சின் மேல் வைத்து, பின்பக்கத்தைக் கண் மட்டத்தில் குனிந்து பார்த்தோம். இடது ஷூ நேராக நின்றது. வலது ஷூவின் குதிகால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது, காலில்லாமலேயே. பக்கவாட்டு ஃபோமில் குதிகாலுக்கு மேலே, நெற்றிச் சுருக்கம்போல நான்கைந்து கோடுகள் படிந்திருந்தன. புது ஷூவில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். உள்தகட்டை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் உள்ளே குதிகால் இடத்தை அழுத்தினால் கெட்டியாக, அட்டைபோல் இருந்தது. இந்த மூன்று அடையாளமும் சேர்ந்துவிட்டால் ரப்பர் எப்படியிருந்தாலும் ஓட்டத்துக்கு அந்த ஷூ முடிந்தது.

அடியில் அவர் கவலைப்பட்ட ஒரே இடம் குதிகாலின் வெளிஓரம். அங்கே மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. “கால் கோணலா வெச்சு ஓடுறேனாண்ணா?” என்று கேட்டார். இல்லை. குதிகாலால் தரையைத் தொடும் பெரும்பாலோர் வெளிஓரத்தில்தான் முதலில் ஊன்றுவார்கள். அந்தத் தேய்மானம் இயல்பு. அதை வைத்துக் காலுக்கு நோய் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு காலின் ஷூ மட்டும் மற்றதைவிட வெளிப்படையாக வேறுமாதிரித் தேய்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் வலிக்குக் காரணம் ஷூதான் என்று எப்படி உறுதி செய்வது? அதே மாடலில் புது ஜோடி வாங்கி, ஒரு வாரம் ஓய்வெடுத்த பிறகு, ஒரு நாள் புதியதிலும் ஒரு நாள் பழையதிலும் அதே 5 கிலோமீட்டர் ஓடச் சொன்னேன். மாடலை மாற்றியிருந்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போயிருக்கும். புதியதில் ஓடிய இரண்டு நாளும் வலி இல்லை. பழையதில் ஓடிய இரண்டாவது நாள் வந்துவிட்டது. அத்தோடு பழையது வாசலுக்குப் போனது, இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போடுகிறார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எலும்பில் விரல் வைத்து அழுத்தும்போது ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, இப்படிச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓடுங்கள். 264 பேரை 22 வாரம் கவனித்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஷூ மாறும்போது கால் ஊன்றும் விதமும் சிறிது மாறி, ஒரே இடத்தில் சுமை குவியாமல் போவது காரணமாக இருக்கலாம். நம் ஊரின் வியர்வையிலும் ஈரத்திலும் ஒரு ஜோடி முழுதாகக் காயவும் ஒருநாள் இடைவெளி வேண்டும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். கொளுத்தும் வெயிலிலும் பூட்டிய கார் டிக்கியிலும் போடாதீர்கள், சூட்டில் ஃபோம் சுருங்கும், பசை விட்டுப்போகும். தள்ளுபடியில் வாங்கி நாலைந்து வருடம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த ஷூவும் புது ஷூ ஆகாது. பாலியூரிதேன் அடி உள்ளவை நம் காற்றின் ஈரத்தில் போடாமலே உதிர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்த ஜோடி வாங்கும் அன்றே, ஷூ நாக்கின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் தேதியையும் உங்கள் வாராந்தரக் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். 500-ஐத் தாண்டியதும் மாதம் ஒரு முறை அதை மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்.